ஸ்பானிய உருளைக்கிழங்கு ஆம்லெட்: நடுப்பகுதி இளகி நிற்க

ஸ்பெயினில் காலை நேரத்தில் சின்னச் சின்ன பார்களில் மேடைமேல் வட்டமான, தடித்த ஆம்லெட் ஒன்று தட்டில் வைத்திருப்பார்கள். கேட்டால் முக்கோணத் துண்டாக வெட்டி, கூட ஒரு துண்டு ரொட்டியும் வைத்துத் தருவார்கள். அதன் பெயர் தோர்த்தியா தெ பட்டாட்டாஸ். நன்றாகச் செய்த ஒன்றை வெட்டும்போது பார்த்தால், வெளித்தோல் வெளிர்மஞ்சளாக இறுகியிருக்கும். உள்ளே உருளைக்கிழங்கு வில்லைகளுக்கு இடையில் முட்டை கெட்டியான கிரீம்போல ஈரமாக நிற்கும். கத்தியை வெளியே எடுத்தால் அதில் கொஞ்சம் ஒட்டி வரும்.

முட்டை, உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு. வெங்காயம் சேர்ப்பதா கூடாதா என்பதில் ஸ்பானியர்களுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு. வடமேற்கில் கலீசியா மாநிலத்து பெதான்சோஸ் ஊரில் வெங்காயம் போடமாட்டார்கள். நடுப்பகுதியும் வெட்டினால் வழியும் அளவுக்கு நீர்த்திருக்கும். நாட்டின் பிற பகுதிகளில் வெங்காயம் சேர்த்தது, இறுகியது, பாதி இளகியது என்று பல வகை. இந்த அத்தியாயத்தில் வெங்காயம் சேர்த்த, பாதி இளகிய வகையைச் செய்கிறோம். வீட்டுக்குப் பொருத்தமானது அதுதான் என்பது என் முடிவு. காரணம் பாதுகாப்பு; அது பின்னால் வரும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுப்பகுதி மென்மையாக இருப்பது, முட்டையை எவ்வளவு நேரம் வேக வைக்கிறோம் என்பதை மட்டும் பொறுத்ததல்ல. உருளைக்கிழங்கை மெதுவாக எண்ணெயில் வேக வைப்பதும், அதை முட்டையில் ஊற வைப்பதும் பாதி வேலையை முடித்துவிடுகின்றன. கடைசி ஐந்து நிமிடத்தில் நாம் செய்வது, கெடுக்காமல் இறக்குவது.

தேவையானவை (நான்கு பேருக்கு)

- முட்டை 6
- தோல் சீவிய உருளைக்கிழங்கு 600 கிராம்
- பெரிய வெங்காயம் 1 (சுமார் 150 கிராம்)
- ஆலிவ் எண்ணெய் சுமார் அரை லிட்டர்
- உப்பு ஒன்றேகால் டீஸ்பூன்

ஒரு முட்டைக்கு நூறு கிராம் கிழங்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கிழங்கு இதைவிடக் கூடினால் ஆம்லெட் பொலபொலவென்று உடையும். முட்டை கூடினால் சாதாரண ஆம்லெட்டில் கிழங்கு மிதப்பதுபோல ஆகிவிடும்.

அரை லிட்டர் எண்ணெய் என்றதும் தயங்க வேண்டாம். பெரும்பகுதி வடிந்து திரும்ப வந்துவிடும்; வடிகட்டி வைத்து அடுத்த முறைக்கும் பயன்படுத்தலாம். ஆலிவ் எண்ணெய் விலை கட்டாது என்றால் பாதிக்குப் பாதி சூரியகாந்தி எண்ணெய் கலந்துகொள்ளுங்கள். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம். அதன் வாசனை முட்டையை அமுக்கிவிடும்.

பாத்திரங்கள்

அடிப்பகுதி 20 செ.மீ. குறுக்களவுள்ள, கீறல் இல்லாத நான்-ஸ்டிக் வாணலி ஒன்று. 6 முட்டைக்கு இதைவிடப் பெரிய வாணலி எடுத்தால் ஆம்லெட் மெலிந்து, நடுப்பகுதியும் ஓரமும் ஒரே நேரத்தில் வெந்துவிடும். அப்போது இளகிய நடு என்ற பேச்சே இல்லை. 24 செ.மீ. வாணலி மட்டும்தான் இருக்கிறது என்றால் 9 முட்டை, 900 கிராம் கிழங்கு என்று கூட்டுங்கள். ஆனால் முதல் தடவைக்குச் சின்னதே நல்லது. திருப்பும்போது கையில் கனம் தெரியும்.

இன்னொன்று, விளிம்பு உயராத தட்டையான தட்டு. வாணலியின் வாயைவிடச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் பெரிதாக இருக்க வேண்டும். கைப்பிடியுள்ள தட்டை மூடி இருந்தால் இன்னும் வசதி. கிழங்கை வேகவைக்கத் தனியாக ஒரு ஆழமான வாணலியும், வடிக்க ஒரு வடிதட்டும் வேண்டும்.

முதல் கட்டம்: கிழங்கு

1. கிழங்கைத் தோல் சீவுங்கள். பச்சை படிந்த கிழங்கு, நிறைய முளைவிட்ட கிழங்கு வேண்டாம். அவற்றில் உடம்புக்கு ஆகாத சோலனின் சேர்ந்திருக்கும், வேகவைத்தாலும் அது போகாது.

2. நீளவாக்கில் இரண்டாகவோ நான்காகவோ பிளந்து, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வில்லைகளாக அரியுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்கத் தேவையில்லை. மெல்லியது சீக்கிரம் குழைந்து முட்டையோடு சேரும், தடித்தது வாயில் தட்டுப்படும். இரண்டும் இருந்தால்தான் ருசி. அரிந்ததைத் தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள். மேலே இருக்கும் மாவுச்சத்து கழுவிப் போய்விட்டால் முட்டை பிடிக்காது.

3. சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தெறிக்கும்.

4. எண்ணெயை நடுத்தரத் தீயில் சூடாக்கி, ஒரு வில்லையைப் போட்டுப் பாருங்கள். அதைச் சுற்றிச் சின்னக் குமிழிகள் சோம்பலாக எழுந்தால் சரியான சூடு. சடசடவென்று பொரியும் சத்தம் வந்தால் சூடு அதிகம். தீயைக் குறைத்துக் காத்திருங்கள். வெப்பமானி இருந்தால் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ்.

5. எல்லா வில்லைகளையும் போட்டு அரை டீஸ்பூன் உப்பைத் தூவுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மெல்லியதாக அரிந்த வெங்காயத்தைச் சேருங்கள். தீ சிம்மிலேயே இருக்கட்டும்.

6. இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் வரை அவ்வப்போது அடியிலிருந்து மெல்லப் புரட்டி விடுங்கள்.

இந்த இருபத்தைந்து நிமிடத்தைச் சுருக்கத்தான் பலரும் பார்க்கிறார்கள். தீயைக் கூட்டினால் கிழங்கு வறுவலாகிவிடும். மேலே மொறுமொறுவென்று ஒரு தோல் கட்டிக்கொள்ளும். அந்தத் தோல் முட்டையை உள்ளே விடாது. பிறகு என்ன செய்தாலும் கிழங்கு வேறு, முட்டை வேறு என்று தனித்தனியாகத்தான் நிற்கும். நமக்கு வேண்டியது பொரித்த கிழங்கு அல்ல, எண்ணெயில் அவிந்த கிழங்கு.

வெந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு தடித்த வில்லையைக் கரண்டியின் விளிம்பால் அழுத்துங்கள். அதிக அழுத்தம் கொடுக்காமலே இரண்டாகப் பிளக்க வேண்டும். நிறம் வெளிர்மஞ்சள், ஓரங்களில் லேசாகச் சிவந்தால் பரவாயில்லை. வெங்காயம் கண்ணாடிபோல ஆகி, இனிப்பு வாசனை வந்திருக்கும்.

7. வடிதட்டில் கொட்டி ஐந்து நிமிடம் வடியவிடுங்கள். அடியில் கண்டிப்பாகப் பாத்திரம் இருக்கட்டும். சூடான எண்ணெயைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வடிக்காதீர்கள்.

இரண்டாம் கட்டம்: ஊற வைத்தல்

8. முட்டைகளை ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, பிறகு பெரிய பாத்திரத்தில் சேருங்கள். ஓட்டில் அழுக்கோ விரிசலோ இருக்கும் முட்டையை இந்தச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

9. மீதி முக்கால் டீஸ்பூன் உப்பைப் போட்டு முள்கரண்டியால் கலக்குங்கள். மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் போதும், நுரைக்க அடிக்காதீர்கள். நுரையில் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, ஆம்லெட்டை உப்பிய பஞ்சாக்கி உலர்த்திவிடும்.

10. வடிந்த கிழங்கை முட்டையில் சேருங்கள். கிழங்கு கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் தொட்ட இடத்தில் முட்டை திரியும். ஆறிக் குளிர்ந்துவிட்டால் முட்டையை உறிஞ்சாது.

11. சில வில்லைகளைக் கரண்டியால் மசித்துவிட்டு, பதினைந்து நிமிடம் அப்படியே வையுங்கள்.

பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள்: முதலில் தண்ணீராக ஓடிய முட்டை, தளர்வான பருப்புக் கூட்டின் பதத்துக்கு வந்திருக்கும். கிழங்கின் மாவு முட்டையில் கலந்ததால் வந்த மாற்றம் இது. இப்படிக் கெட்டிப்பட்ட கலவைதான் பாதி வெந்த நிலையிலும் வழியாமல் நிற்கும். ஒரு வில்லையை எடுத்து உப்புப் பார்க்கலாம் என்று தோன்றும். பச்சை முட்டை பட்டிருக்கிறது என்பதால் வேண்டாம். கிழங்கு வடியும்போதே உப்புப் பார்த்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் இந்தக் கலவையை இருபது நிமிடத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

மூன்றாம் கட்டம்: அடுப்பில்

12. 20 செ.மீ. வாணலியில், வடித்த எண்ணெயில் ஒரு டேபிள்ஸ்பூன் விட்டு நடுத்தரத்துக்கு மேலான தீயில் சூடாக்குங்கள். ஒரு சொட்டு முட்டை விட்டால் உடனே சுருங்கிச் சத்தமிட வேண்டும். நான்-ஸ்டிக் பாத்திரத்தை எண்ணெய் இல்லாமல் பெரிய தீயில் காயவிடாதீர்கள்.

13. கலவை முழுவதையும் ஊற்றி, முதல் இருபது முப்பது விநாடி மரக்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்துக் கிளறுங்கள். சூடு உள்ளேயும் சேர இதுதான் வழி. இந்தக் கிளறல் இல்லாவிட்டால் அடிப்பகுதி சிவந்த பிறகும் நடுவில் முட்டை சில்லென்று பச்சையாக இருக்கும்.

14. மேற்பரப்பைச் சமமாக்கி, தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்து நான்கு நிமிடம் விடுங்கள். மூடி போட வேண்டாம். இடையில் ஒருமுறை தோசைத் திருப்பியால் சுற்றிலும் ஓரத்தை உள்பக்கம் தள்ளிவிட்டு, வாணலியை லேசாகக் குலுக்குங்கள்.

திருப்பும் நேரம் வந்துவிட்டது என்பதற்கு இரண்டு அடையாளம் உண்டு. சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு ஓரம் இறுகியிருக்கும், நடுவில் மட்டும் ஈரம் மினுங்கும். வாணலியை அசைத்தால் கலவை மொத்தமும் ஒரே துண்டாக வழுக்கி நகரும். நகராமல் எங்காவது பிடித்தால் அங்கே ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தில் திருப்பியை அடியில் விட்டு விடுவித்த பிறகே அடுத்த படி.

திருப்புவது எப்படி

பயப்பட வேண்டிய இடம் இல்லை; ஆனால் அவசரப்படக் கூடாத இடம். உள்ளே சூடான எண்ணெயும் பச்சை முட்டையும் இருக்கின்றன. குழந்தைகளைச் சமையலறையை விட்டு அனுப்பிவிடுங்கள்.

15. அடுப்பை அணையுங்கள். வாணலியைச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் எண்ணெய் தேங்கினால் கிண்ணத்தில் வடித்துவிடுங்கள். திருப்பும்போது மணிக்கட்டில் வழிந்து சுடுவது பெரும்பாலும் இந்த எண்ணெய்தான்.

16. தட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். ஆம்லெட் வழுக்கி இறங்க இது உதவும்.

17. வாணலியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கொண்டு போங்கள். சிந்தினாலும் அடுப்பில் சிந்தாது. தட்டைக் கவிழ்த்து மூடுங்கள்.

18. இடது உள்ளங்கையில் மடித்த உலர்ந்த துணியை வைத்து, விரல்களை நன்றாக விரித்துத் தட்டின் நடுவில் அழுத்துங்கள். ஈரத்துணி வேண்டாம், சூடு உடனே உள்ளே ஏறும். வலது கையால் கைப்பிடியைப் பிடியுங்கள். இடதுகைக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

19. இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்தியபடி, ஒரே வீச்சில் பக்கவாட்டில் கவிழ்த்துவிடுங்கள். வேகம் தேவையில்லை, ஆனால் நடுவழியில் நிற்கக் கூடாது. பாதியில் தயங்கி நிறுத்தினால்தான் திரவம் ஒரு பக்கமாக ஓடிக் கசியும்.

20. வாணலியைத் தூக்குங்கள். காலி வாணலியில் அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டுச் சிம்மில் வையுங்கள். தட்டை வாணலியின் விளிம்போடு ஒட்டிச் சாய்த்து, ஆம்லெட்டை மெல்ல வழுக்கி உள்ளே விடுங்கள். தட்டில் தங்கிய முட்டையையும் வழித்து ஊற்றுங்கள்.

21. திருப்பியால் சுற்றிலும் ஓரத்தை அடிப்பக்கமாக மடித்துச் செருகுங்கள். ஆம்லெட்டுக்கு அந்த உருண்ட விளிம்பு வருவது இந்த வேலையால்தான். இரண்டு நிமிடம் போதும்.

குறிப்பு: கவிழ்க்கும்போது உடைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். துண்டுகளை வாணலியில் பக்கத்தில் பக்கமாக வைத்து அழுத்துங்கள். உள்ளே இன்னும் வேகாத முட்டை இருப்பதால் அது விரிசலில் இறங்கி இறுகிக்கொள்ளும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி திருப்பினால் உடைந்த தடம் அடிப்பக்கம் போய்விடும்.

எப்போது இறக்குவது

இந்த அத்தியாயத்திலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். ஸ்பெயின் அரசு 2022 டிசம்பரில் கொண்டுவந்த விதிப்படி, உணவகங்களில் முட்டை சேர்த்த பண்டம் 70 டிகிரியில் 2 விநாடியாவது, அல்லது 63 டிகிரியில் 20 விநாடியாவது சூடாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பாஸ்டரைஸ் செய்த முட்டையைப் பயன்படுத்த வேண்டும். வழிந்தோடும் பெதான்சோஸ் வகையை வீட்டில் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். சாதாரணக் கடை முட்டையில் அந்தப் பதத்தை நம்பிச் சாப்பிட முடியாது.

நல்ல வேளையாக, 63 டிகிரிக்குச் சற்று மேல் நிற்கும்போது முட்டை பச்சையாகவும் இருக்காது, இறுகியும் போகாது. கெட்டியான கிரீம் பதம் அதுதான். ஊசிமுனை வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆம்லெட்டின் பக்கவாட்டிலிருந்து நட்டநடுவுக்குச் செருகிப் பாருங்கள். ஊசியின் முனை வாணலியைத் தொட்டால் தவறான கணக்குக் காட்டும்.

அளந்து பார்த்த ஒரு சமையலை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன அளவில் செய்த ஆம்லெட் முதல் பக்கம் நான்கு நிமிடம், இரண்டாம் பக்கம் இரண்டு நிமிடம் ஆன பிறகு நடுவில் 56 டிகிரி காட்டுகிறது என்று வையுங்கள். இன்னும் போதாது. தீயைக் கூட்டாமல் மறுபடி திருப்பி ஒன்றரை நிமிடம், மறுபடியும் திருப்பி ஒரு நிமிடம். இப்படி மாற்றி மாற்றித் திருப்பினால் சூடு இரண்டு பக்கமும் சமமாக உள்ளே போகும், தோல் கருகாது. 63 டிகிரி வந்ததும் அரை நிமிடம் அதே சிம்மில் விட்டு, தட்டுக்கு மாற்றுங்கள். தட்டில் இருக்கும்போதும் வெளிப்பக்கத்துச் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும்; நடுவில் இன்னும் சில டிகிரி ஏறும். முழுதாக வெந்ததுபோலத் தெரியும்வரை அடுப்பில் வைத்திருந்தால், வெட்டும்போது உலர்ந்து போயிருக்கும்.

வெப்பமானி இல்லையென்றால், நடுப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். குழைவாக அமுங்கி மெல்ல எழும்ப வேண்டும். அலைபோலத் தளும்பினால் உள்ளே இன்னும் திரவம்தான். விரலால் சரியான சூட்டைச் சொல்ல முடியாது என்பதால், வெப்பமானி இல்லாத வீட்டில் இன்னும் ஒரு சுற்று திருப்பி, சற்று இறுகலாகவே எடுங்கள்.

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் சாப்பிடப் போகிறார்கள் என்றால் இளகிய நடு வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு 70 டிகிரி தாண்டி முழுக்க இறுகும்வரை வையுங்கள். கிழங்கு மெதுவாக வெந்திருந்தால் அதுவும் மென்மையாகவே இருக்கும்.

எதனால் கெட்டது

நடுவில் தண்ணீர் தனியாக நின்றால், கிழங்கு சரியாக வடியவில்லை, அல்லது ஊற வைக்கவில்லை. தோல் கருகி உள்ளே பச்சையாக இருந்தால், கிளறிய பிறகு தீயைக் குறைக்கவில்லை. வாணலியில் ஒட்டினால், ஊற்றும்போது வாணலி போதுமான அளவு சூடாகவில்லை, அல்லது நான்-ஸ்டிக் பூச்சு தேய்ந்துவிட்டது. இரண்டாவது காரணம் என்றால் வாணலியை மாற்றுவது தவிர வழியில்லை. கிழங்கு வாயில் நறுக்கென்று கடிபட்டால் முதல் கட்டத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். அதை ஆம்லெட்டுக்குள் வைத்துச் சரிசெய்ய முடியாது, முட்டை காய்ந்துபோகும்.

பரிமாறுவதும் பாதுகாப்பதும்

தட்டில் எடுத்து எட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். சுடச்சுட வெட்டினால் நடு வழிந்துவிடும். ஸ்பெயினில் இதை வெதுவெதுப்பாகவோ முழுக்க ஆறிய பிறகோதான் பெரும்பாலும் சாப்பிடுகிறார்கள். ரொட்டி கூட இருந்தால் போதும். சாஸ் எதுவும் வேண்டாம்.

வடித்த எண்ணெய் ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி மூடி வைத்தால் அடுத்த ஆம்லெட்டுக்கு ஆகும். கருத்துப்போனாலோ காறல் வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

இளகிய ஆம்லெட்டைச் செய்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்; மிச்சம் வைத்து மறுநாள் சூடாக்குவது கூடாது. மறுநாள் மதிய உணவு டப்பாவுக்கு என்று திட்டமிட்டால், தொடக்கத்திலேயே முழுக்க இறுகிய வகையாகச் செய்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். நீளமான ரொட்டியைப் பிளந்து நடுவில் வைத்துச் சாப்பிட அதுதான் ஏற்றது.